மூன்றில் ஒரு பங்குக்குள் ஒரு மேடை

பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் மாமியார் - மருமகள் கதை சொல்லி அரங்கத்தையே சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். குரல் தெளிவாகக் கேட்கிறது, கைதட்டலும் கேட்கிறது. ஆனால் கைபேசித் திரையில் தெரிவதோ, அவருக்குப் பின்னால் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பேனரில் கும்பிட்டபடி நிற்கும் விழாத் தலைவரின் முகம். பேச்சாளரின் ஒரு தோள் மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கிறது. ரீல்ஸ் பார்க்கும் பழக்கமுள்ள யாரும் இந்த மாதிரி ஒன்றைக் கடந்து வந்திருப்பார்கள்.

நடந்தது இதுதான். டிவிக்காகவோ யூடியூபுக்காகவோ அகலவாக்கில் எடுத்த வீடியோவை ஒரு மென்பொருளிடம் கொடுத்து, கைபேசிக்கு ஏற்றபடி நெட்டுவாக்கில் வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அது முகத்தைத் தேடிப் பிடித்து, நடுவில் வைத்து, வெட்டித் தந்துவிட்டது. வெட்டியதை யாரும் திரும்பிப் பார்க்காமல் ஏற்றிவிட்டார்கள்.

‘ஆட்டோ ரீஃப்ரேம்’ என்று எடிட்டிங் அறைகளில் சொல்லப்படும் இந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது, சறுக்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரு பட்டிமன்றத் துண்டை வைத்தே பார்க்கலாம். பட்டிமன்ற மேடையில் இந்த மென்பொருளுக்குப் பிடிக்காத எல்லாமே இருக்கின்றன: நடுவில் நடுவர், இரண்டு பக்கமும் அணிகள், ஒரு ஓரத்தில் மைக், பின்னால் முகங்கள் நிறைந்த பேனர்.

எவ்வளவு போகிறது?

வழக்கமான எச்.டி. வீடியோவின் அகலம் 1920 பிக்சல், உயரம் 1080. அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:9. கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் அதே விகிதம் தலைகீழாகி 9:16 ஆகிறது. உயரத்தை முழுசாக வைத்துக்கொண்டு பக்கங்களை மட்டும் வெட்டினால், 1080 உயரத்துக்கு 607.5 பிக்சல் அகலம்தான் கிடைக்கும். வீடியோ கோப்புகளுக்கு இரட்டைப்படை எண்தான் ஒத்துவரும் என்பதால் அதை 608 என்று வைத்துக்கொள்கிறார்கள். 1920-இல் 608 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எடுத்த படத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குப்பைக்குப் போகிறது.

இந்தத் தொல்லை புதிதல்ல. 1953-இல் ஹாலிவுட் சினிமாஸ்கோப்புக்கு மாறியது. தமிழில் ‘ராஜராஜ சோழன்’ 1973-இல் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது. அவ்வளவு அகலமான படங்களை ஏறக்குறைய சதுரமாக இருந்த பழைய டிவி பெட்டியில் காட்ட, பக்கங்களை வெட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. ‘பேன் அண்ட் ஸ்கேன்’ என்ற முறையில் ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்தப் பகுதியைக் காட்டுவது என்று கையால் முடிவு செய்தார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் இருவரின் மூக்கும் இரண்டு ஓரங்களில் நிற்க, நடுவில் வெறும் சுவர் தெரிந்ததெல்லாம் அந்தக் காலத்து வெட்டின் கோலம். அப்போதாவது படத்தின் பாதிக்கு மேல் மிஞ்சியது. இன்றைய கைபேசி வெட்டில் அதுவும் இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. 608 பிக்சல் அகலத்தைக் கைபேசித் திரைக்கான 1080-க்குப் பெரிதாக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய 1.78 மடங்கு. படம் கொஞ்சம் மங்கும், அது தெரிந்ததே. ஆட்டமும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மூலத்தில் 30 பிக்சல் அசைவாக இருந்தது திரையில் 53 பிக்சல் அசைவாகத் தெரியும்.

ஒரு வசதியையும் சொல்லிவிட வேண்டும். உயரம் முழுசாக இருப்பதால் வெட்டும் சட்டம் மேலும் கீழும் நகர வேண்டியதில்லை. இடமும் வலமும் மட்டும்தான். ஆகவே மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும்: சட்டத்தின் இடது ஓரம் எத்தனையாவது பிக்சலில் நிற்கிறது? 40 நொடித் துண்டில், நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால், ஆயிரம் எண்கள். நல்ல வெட்டு, கெட்ட வெட்டு எல்லாம் அந்த ஆயிரம் எண்களின் வரிசையில்தான் அடங்கியிருக்கிறது.

மென்பொருள் எப்படி யோசிக்கிறது?

அடோபி நிறுவனத்தின் பிரீமியர் ப்ரோவில் இந்த வசதி 2019-இல் வந்தது. 2020 பிப்ரவரியில் கூகுள் ‘ஆட்டோஃப்ளிப்’ என்ற பெயரில் தன் முறையை எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்த மூலமாகவே வெளியிட்டது. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்பது ரகசியமில்லை. மூன்று படிகள்.

முதல் படி, வீடியோவை ஷாட் ஷாட்டாகப் பிரிப்பது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் எந்தெந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுத்து, முந்தைய ஃப்ரேம்களோடு ஒப்பிடுகிறார்கள். கணக்கு திடீரென்று மாறினால் அங்கே கட் விழுந்திருக்கிறது என்று பொருள். பிரிப்பது ஏன் அவசியம் என்றால், ஒரு ஷாட்டுக்குள் சட்டம் மெதுவாக நகரலாம், ஷாட் மாறும் இடத்தில் ஒரே தாவலாகத் தாவ வேண்டும்.

இரண்டாம் படி, ஒவ்வொரு ஷாட்டிலும் முக்கியமானது எது என்று தேடுவது. பெரும்பாலும் முகம். முகம் இல்லாவிட்டால் ஆள், விலங்கு, அசையும் பொருள், எழுத்து, சின்னம். கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அதற்கு ஒரு மதிப்பெண்ணும் தருகிறது.

மூன்றாம் படிதான் கலை. அந்தப் பெட்டிகளை வைத்துச் சட்டம் எப்படி நகர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். ஆட்டோஃப்ளிப் ஷாட் முடியும்வரை காத்திருந்து, முழு ஷாட்டையும் பார்த்த பிறகு, மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது: சட்டத்தை அசைக்காமல் ஒரே இடத்தில் வைப்பது, ஒரே வேகத்தில் ஒரு பக்கமாக நகர்த்துவது, ஆளைத் தொடர்ந்து போவது. நேரலையில் கேமராமேனுக்கு இந்த வசதி கிடையாது. பேச்சாளர் எப்போது நகர்வார் என்று அவருக்குத் தெரியாது. மென்பொருளின் கையில் முழுக் கோப்பும் இருப்பதால், அடுத்த நொடியில் நடக்கப்போவதைப் பார்த்துவிட்டு இந்த நொடியிலேயே நகரத் தொடங்க முடியும்.

இதில் எல்லோரும் முதலில் கேட்பது, ஆளை நடுவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதுதான். கேட்க நியாயமாகத் தெரியும். செய்து பார்த்தால் தலை சுற்றும். மேடையில் பேசுகிறவர் சும்மா நிற்பதில்லை. சாய்கிறார், திரும்புகிறார், தலையாட்டுகிறார். முகத்தை நட்ட நடுவில் பூட்டிவிட்டால் முகம் அப்படியே நிற்கும், அவருக்குப் பின்னால் மேடையும் பேனரும் மைக்கும் ஊஞ்சலாடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது நிலநடுக்கம்.

அதனால் நல்ல மென்பொருள் நடுவில் ஒரு சலுகைப் பட்டை வைத்திருக்கிறது. 608 பிக்சல் சட்டத்தில் நடுவிலுள்ள 150 பிக்சலுக்குள் முகம் எங்கே உலாவினாலும் சட்டம் அசையாது. பட்டையைத் தாண்டி வெளியே போய் அங்கேயே தங்கினால்தான் சட்டம் நகரும். அதுவும் மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும். கூடவே, முகத்தின் நடுவைப் பின்பற்றாமல் தோள்களின் நடுவைப் பின்பற்றினால் ஆட்டம் இன்னும் குறையும். தலை திரும்பும்போது முகப்பெட்டி நகரும், தோள் அவ்வளவு நகராது.

பிரீமியர் ப்ரோவில் இந்த இடத்தில் `Slower Motion`, `Default`, `Faster Motion` என்று மூன்று தேர்வுகள் வரும். நின்ற இடத்தில் பேசும் நிகழ்ச்சிக்கு முதலாவது. கபடி, ஜல்லிக்கட்டு மாதிரி ஓடும் காட்சிக்கு மூன்றாவது. பட்டிமன்றத்தை மூன்றாவதில் போட்டு ஆட்டம் கண்டவர்கள், மென்பொருளைத் திட்டுவதற்கு முன் இந்த ஒரு தேர்வை மாற்றிப் பார்க்கலாம்.

நாற்பது நொடி, நான்கு ஷாட்

இனி மேடைக்குப் போவோம். 40 நொடித் துண்டில் நான்கு ஷாட்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

முதல் 14 நொடி, பேச்சாளர் மைக் முன்னால், இடுப்புக்கு மேல் தெரியும்படி. அவர் முகத்தின் நடு 1080-ஆவது பிக்சலை ஒட்டி, இப்படியும் அப்படியும் 40 பிக்சல் ஆடுகிறது. இதைவிட எளிதான ஷாட் கிடையாது. சட்டத்தின் இடது ஓரத்தை 776-இல் நிறுத்தினால் வலது ஓரம் 1384-இல் நிற்கும். 14 நொடியும் அசையவே வேண்டாம்.

ஆனால் அவருக்குப் பின்னால் 1500-ஆவது பிக்சலில் பேனர் முகம். பேச்சாளரின் முகம் 150 பிக்சல் அகலம் என்றால் பேனரில் இருப்பது 300. நேரே பார்க்கிறது, நல்ல வெளிச்சம், வாயை மறைக்கும் மைக் இல்லை. முகம் தேடும் மென்பொருளின் கணக்கில் பேனர்தான் முதல் மதிப்பெண். சட்டம் 1196-இல் போய் உட்காருகிறது. பேச்சாளரின் முகம் 1155-லேயே முடிந்துவிடுவதால் மொத்தமாக வெளியே. நம் கட்டுரையின் முதல் காட்சி இப்படித்தான் பிறக்கிறது.

இதைப் பிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. உயிருள்ள முகத்தைச் சுற்றிய பெட்டி, ஆள் எவ்வளவு அமைதியாக இருந்தாலும், சில பிக்சலாவது அசைந்துகொண்டே இருக்கும். பேனர் முகத்தின் பெட்டி கேமரா நிற்கும்வரை கல்லாக நிற்கும். கேமரா நகர்ந்தாலோ பின்னணியோடு சேர்ந்து அதே அளவு நகரும். உதடும் அசையாது. குரல் கேட்கும் நேரத்தில் உதடு அசையாத, பின்னணியோடு ஒட்டிய முகத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொல்லலாம். அந்த வசதி இல்லாத மென்பொருளில், இந்த ஷாட்டை மட்டும் கையால் 776-இல் நிறுத்திவிடுவது அரை நிமிட வேலை.

இரண்டாவது ஷாட், முழு மேடை. பேச்சாளர் ஒரு குத்தல் வசனம் சொல்ல, நடுவர் குலுங்கிச் சிரிக்கிறார். இந்த ஷாட்டின் ருசியே இருவரும் சேர்ந்து தெரிவதில்தான் இருக்கிறது. நடுவரின் முகம் 960-இல், பேச்சாளரின் முகம் 1500-இல். இடைவெளி 540. தூரத்திலிருந்து எடுத்ததால் ஒவ்வொரு முகமும் 60 பிக்சல்தான். ஒரு முகத்தின் வெளி ஓரத்திலிருந்து இன்னொரு முகத்தின் வெளி ஓரம்வரை 600. நம் சட்டம் 608.

கணக்குப்படி இரண்டு முகமும் உள்ளே. மென்பொருள் தேர்ச்சி என்று முத்திரை குத்திவிடும். திரையில் பார்த்தால், இடது ஓரத்தில் நடுவரின் முகம் சுவரில் ஒட்டியது மாதிரி, வலது ஓரத்தில் பேச்சாளரின் முகம் அதே மாதிரி, இருவருக்கும் வெளிப்பக்கத் தோள் இல்லை. படத்தின் நட்ட நடுவில் கம்பீரமாக நிற்பது மேசை விரிப்பும் தண்ணீர் பாட்டிலும். இரண்டு முகங்களின் சராசரியை எடுத்தால் யாருமே இல்லாத இடம்தான் கிடைக்கும். பழைய டிவி காலத்து மூக்குகள் கைபேசிக்குத் திரும்பி வந்துவிட்டன.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, பேச்சாளரை வைத்துத் தொடங்கி, வசனம் முடிந்த ஃப்ரேமில் நடுவருக்கு ஒரே வெட்டாகத் தாவுவது. மெல்ல நகர்த்தினால் நடுவே மேசையை ஒரு நொடி காட்ட வேண்டியிருக்கும், சிரிப்பும் ஆறிவிடும். இரண்டாவது, திரையை மேல் கீழாக இரண்டாகப் பிரித்து, மேலே ஒருவர், கீழே ஒருவர். மூன்றாவது, 9:16-ஐ இந்த ஷாட்டுக்கு விட்டுக்கொடுத்து 1080-க்கு 1080 என்று சதுரமாக வெட்டுவது. சட்டத்தை 690-இல் தொடங்கினால் 1770-வரை வரும். இரு முகங்களுக்கும் வெளியே இருபுறமும் 240 பிக்சல் இடம் மிஞ்சுகிறது. கைபேசியின் 1080 அகலத்துக்கு அதைப் பெரிதாக்கவே வேண்டியதில்லை, தெளிவும் குறையாது. மேலும் கீழும் 420 பிக்சல் காலியாக இருக்கும். அதில் தலைப்பு போடலாம், அல்லது அதே படத்தை மங்கலாக்கிப் பின்னணியாக விடலாம். ஆட்டோஃப்ளிப்பும் அவசியமான எல்லாவற்றையும் ஒரு சட்டத்துக்குள் கொண்டுவர முடியாதபோது இப்படித்தான் பட்டை விட்டுக் காட்டுகிறது.

மூன்றாவது ஷாட், சிரிக்கும் பார்வையாளர்கள், இரண்டே நொடி. இங்கே முப்பது முகங்கள். யாரைப் பின்தொடர்வது என்று மென்பொருள் தடுமாறி ஒரு முகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், இரண்டு நொடிக்குள் நாலு தாவல். கூட்டத்துக்குத் தனி ஆள் முக்கியமில்லை. சட்டத்தை நடுவிலேயே அசையாமல் நிறுத்துவதுதான் சரி.

இந்த ஷாட்டில் வேறொரு பொறி இருக்கிறது. மேடையிலிருந்து கூட்டத்துக்கு மாறும்போது எடிட்டர் ஒரு நொடி நீளத்துக்கு டிசால்வ் போட்டிருக்கிறார், அதாவது ஒன்று கரைந்து மற்றொன்று வருகிறது. நிறக் கணக்கு ஒரே அடியாக மாறாமல் 25 ஃப்ரேமில் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. கட் விழுந்ததாகவே மென்பொருளுக்குத் தெரியாமல் போகலாம். அப்போது இரண்டு ஷாட்டையும் ஒன்றாக நினைத்து, மேடையில் நின்ற இடத்திலிருந்து கூட்டத்தின் முகம் ஒன்றை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போகும். காரணமே இல்லாமல் படம் வழுக்கினால் அங்கே தவறவிட்ட கட் ஒன்று இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

நான்காவது ஷாட்டில் மறுபடியும் பேச்சாளர். இப்போது திரையின் கீழே அவர் பெயரும் ஊரும் எழுத்தாக வருகின்றன, 120-ஆவது பிக்சலிலிருந்து 900-வரை. சட்டம் 776-இல் தொடங்குவதால் ஊர்ப்பெயரின் கடைசி இரண்டு மூன்று எழுத்து மட்டும் இடது ஓரத்தில் தொங்கும். திருநெல்வேலிக்காரர் ‘வேலி’க்காரர் ஆகிவிடுவார். இதைச் சட்டம் நகர்த்தித் தீர்க்க முடியாது. எழுத்தைச் சேர்ப்பதற்கு முந்தைய கோப்பை எடுத்து வெட்டிவிட்டு, பெயரைப் புதிதாக நெட்டுவாக்குக்கு ஏற்ற இடத்தில் போட வேண்டும். எழுத்து ஒட்டிய கோப்பு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், பழைய எழுத்தின் மேல் புதிய பட்டை ஒன்றை வைத்து மறைக்கலாம்.

புதிய எழுத்தை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ரீல்ஸ், ஷார்ட்ஸ் இரண்டிலும் திரையின் அடிப்பகுதியில் கணக்கின் பெயரும் குறிப்பும், வலது ஓரத்தில் விருப்பக்குறி, பகிர்வு பொத்தான்களும் படத்தின் மேலேயே வந்து உட்காரும். அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுவிட்டு எழுத்தை மேலே ஏற்றுவது நல்லது.

ஓரத்தைப் பார்

இந்த நான்கு ஷாட்டிலும் ஒரு பொது விஷயம் இருக்கிறது. மென்பொருள் தான் கண்டுபிடித்த முகம் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. தான் கண்டுபிடிக்காததை அது இழந்ததாக நினைப்பதில்லை. பேனர் முகத்தைப் பிடித்த மென்பொருளிடம் முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று கேட்டால், 14 நொடியும் இருந்தது, நடுவிலேயே இருந்தது என்று உண்மையைத்தான் சொல்லும். எனவே வெட்டியதைச் சோதிக்கும்போது வெட்டிய படத்தை மட்டும் பார்த்தால் பாதி தவறு தெரியாது. மூலப் படத்தின் மேல் சட்டத்தைச் சிவப்புக் கோடாக வரைந்து, எது உள்ளே, எது வெளியே, எது கோட்டில் மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கோட்டில் மாட்டியதுதான் மிக மோசம். ஓர் ஆள் முழுசாக வெளியே போய்விட்டால் பார்ப்பவருக்கு அவர் இருந்ததே தெரியாது. பாதி முகம், பாதி எழுத்து, மணிக்கட்டோடு அறுந்த கை இவை உடனே கண்ணில் குத்தும். இதைத் தானாகப் பிடிக்கவும் முடியும். மூலத்தில் உள்ள எல்லா முகங்களுக்கும் எழுத்துகளுக்கும் பெட்டி போட்டு, ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை விழுக்காடு சட்டத்துக்குள் விழுகிறது என்று கணக்கிட வேண்டும். நூறு என்றாலும் பூஜ்யம் என்றாலும் சரி. நடுவில் ஏதாவது எண் வந்து, அது பத்து ஃப்ரேமுக்கு மேல் நீடித்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் பத்து ஃப்ரேம் அரை நொடியை நெருங்குகிறது, கண் பிடித்துவிடும் நேரம்தான் அது. முகப்பெட்டியை மட்டும் வைக்காமல் இருபுறமும் அரை முக அகலம் சேர்த்துப் பெரிதாக்கிக்கொண்டால், இரண்டாவது ஷாட்டில் தேர்ச்சி பெற்றுத் தப்பித்த தோள்களும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது, அந்த ஆயிரம் எண்களின் வரிசை. அதைக் கோடாக வரைந்து பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். நல்ல வெட்டின் கோடு நீண்ட சமதளங்களாகவும், அவற்றை இணைக்கும் மெல்லிய சரிவுகளாகவும் இருக்கும். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் படம் நடுங்குகிறது. ஒரு ஷாட்டின் நடுவில் செங்குத்தாக எகிறினால் மென்பொருள் ஒரு முகத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறது. ஷாட் மாறும் ஃப்ரேமும் கோடு தாவும் ஃப்ரேமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஃப்ரேம் தள்ளிப் போனாலும், புதிய ஷாட்டின் முதல் ஃப்ரேம் பழைய ஷாட்டின் இடத்தில் வெட்டுப்பட்டு, மின்னல் மாதிரி வெட்டிவிட்டு மறையும். என்ன தப்பு என்று பார்ப்பவரால் சொல்ல முடியாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

கடைசியாக மனிதக் கண். வீடியோ முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்தால் பேச்சில் மயங்கி ஓரத்தைக் கவனிக்க மாட்டோம். நொடிக்கு ஒரு படம் எடுத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கிப் பார்ப்பது நல்ல வழி. பணம் கொடுத்து வாங்க வேண்டாத எஃப்.எஃப்.எம்பெக் கருவியில் ஒரே வரிதான்:

```
ffmpeg -i vertical.mp4 -vf "fps=1,scale=180:320,tile=8x5" -frames:v 1 sheet.png
```

எட்டு வரிசை அகலம், ஐந்து வரிசை உயரம், மொத்தம் நாற்பது சிறு படங்கள். நம் 40 நொடித் துண்டு ஒரே பார்வையில். முதல் பதினான்கு கட்டத்திலும் பேனர் முகம் வரிசையாக நின்றால் அதைத் தவறவிடவே முடியாது. குரல் இல்லாததால் கவனமும் சிதறாது. ஒரு ஃப்ரேம் மின்னல்கள் மட்டும் இந்தத் தாளில் சிக்காது. அதற்கு எடிட்டிங் டைம்லைனில் ஒவ்வொரு கட்டுக்கும் போய், முன்னால் இரண்டு ஃப்ரேம், பின்னால் இரண்டு ஃப்ரேம் என்று அம்புக்குறி விசையால் நகர்த்திப் பார்க்க வேண்டும். நாலு ஷாட்டுக்கு மூன்று இடம்தான்.

எடுக்கும்போதே

இதே நிகழ்ச்சியை அடுத்த ஆண்டும் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு சொல். முடிந்தால் 4கே-யில் எடுங்கள். 3840-க்கு 2160 படத்திலிருந்து முழு உயரத்துக்கு வெட்டினால் ஏறக்குறைய 1215 பிக்சல் அகலம் கிடைக்கும். கைபேசிக்கு வேண்டிய 1080-ஐவிட அதிகம், பெரிதாக்கும் பேச்சே இல்லை. மைக்கை நிறுத்தும்போது அதன் நேர் பின்னாலோ பக்கத்திலோ பேனரின் பெரிய முகங்கள் வராதபடி ஓர் அடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எடிட்டிங்கில் எவ்வளவு மெனக்கெட்டாலும் கிடைக்காத பலன் அந்த ஓர் அடியில் கிடைக்கும்.

எல்லாக் காட்சியையும் நிமிர்த்த வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. கோலாட்டம், கும்மி, நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து நிற்கும் கச்சேரி போன்றவற்றில் ஒரு தனி ஆள் என்று யாரும் இல்லை. வரிசைதான் காட்சி. அங்கே எந்த முகத்தை நடுவில் வைத்தாலும் மீதிப் பேரை வெட்டியதாகத்தான் ஆகும். அப்படிப்பட்ட ஷாட்டுகளைச் சதுரமாகவோ, மேலும் கீழும் பட்டை விட்டு அகலவாக்கிலோ அப்படியே விட்டுவிடுவது நல்லது. திரையில் கொஞ்சம் இடம் வீணாவதைப் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். தவில்காரரின் ஒரு கை மட்டும் ஓரத்தில் வந்து வந்து போவதைப் பொறுக்க மாட்டார்கள்.